பிஎச் கட்டுப்பாடு தள்ளாடுகிறது: கெயின் அட்டவணையில் கோளாறு எங்கே?

கழிவுநீர்த் தொட்டியில் பிஎச் நிலைக்கவில்லை என்று யாராவது அழைத்தால், அங்கே ஒரு பியூரெட் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் இருக்கும், ஆய்வகத்தின் மூலையில் தூசி படிந்து. கட்டுப்படுத்தியின் எண்களை மாதக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள், அந்தப் பியூரெட்டை ஒரு முறைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பேச்சுக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் பக்கம் சாயப்பட்டறைகளில் காணக்கூடிய வகை. கொள்ளளவு 10 கனமீட்டர், மணிக்கு 20 கனமீட்டர் காரக் கழிவுநீர் உள்ளே வருகிறது. ஆகவே நீர் தொட்டியில் தங்கும் நேரம் 30 நிமிடம். 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு டோசிங் பம்ப் செலுத்துகிறது. முழு வேகத்தில் மணிக்கு 40 லிட்டர். இலக்கு 7.2, ஏனென்றால் அடுத்து இருப்பது நுண்ணுயிர்த் தொட்டி. பம்பின் வேகத்தை மாற்றினால் பிஎச் அசையத் தொடங்க 2 நிமிடம் ஆகிறது. இந்த 2 நிமிடத் தாமதத்தை நினைவில் வையுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

வரும் நீரில் காஸ்டிக் சோடா லிட்டருக்கு 10 மில்லிமோல், அதோடு ஆழ்துளைக் கிணற்று நீரின் பைகார்பனேட் 2 மில்லிமோல். இந்த நீரில் 100 மில்லி எடுத்து, 0.1 நார்மல் அமிலத்தால் தரம் பார்த்தால் ஏறத்தாழ இப்படி வரும்:

| பிஎச் | அதுவரை சேர்த்த அமிலம், மி.லி. | பம்பை 1 சதவீதம் கூட்டினால் பிஎச் குறைவது |
|---|---|---|
| 11.5 | 4.96 | 0.03 |
| 10.3 | 8.83 | 0.13 |
| 9.3 | 9.81 | 0.5 |
| 8.3 | 10.00 | 2.1 |
| 7.2 | 10.25 | 0.4 |
| 6.5 | 10.83 | 0.2 |

கடைசி நெடுவரிசைதான் தொட்டியின் கெயின். இங்கே முகவையில் 1 மில்லி என்பது பம்பில் ஏறத்தாழ 4.8 சதவீதம். 11.5-இல் பம்ப் 1 சதவீதம் கூடினால் வரும் மாற்றம் பிஎச் மீட்டரின் நடுக்கத்தைவிடச் சற்றே பெரிது, 8.3-இல் அதே 1 சதவீதம் பிஎச்சை இரண்டு புள்ளி தள்ளிவிடும். எழுபது மடங்கு வித்தியாசம். தொட்டியின் அளவும் தாமதமும் எல்லா இடத்திலும் ஒன்றே. மாறுவது கெயின் மட்டும். அதனால்தான் ஒவ்வொரு பிஎச்சுக்கும் கட்டுப்படுத்தியின் கெயினை மாற்றும் அட்டவணை போடுகிறோம். இன்டெக்ரல் நேரத்தை அப்படியே விட்டுவிடலாம்.

அறிகுறி 1: இலக்கை நெருங்கினால் ஆட்டம், விலகி இருந்தால் அமைதி

வரைபடத்தில் முதலில் ஆட்டத்தின் கால அளவைப் பாருங்கள். ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரை தாமதத்தைப் போல நான்கு மடங்கு, அதாவது நம் தொட்டியில் 8 நிமிட அளவில் இருந்தால், கெயின் மிகுதியே காரணம். அரை மணி, ஒரு மணி என்று நீண்டால் பம்பில் ஒட்டுதல் இருக்கலாம், அல்லது இன்டெக்ரல் மிகையாக இருக்கலாம்.

ஆனால் பிஎச் வரைபடத்தின் வடிவத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள். தரம் பார்த்தல் வளைகோடு அதை முறுக்கிக் காட்டும். உண்மையில் சீராக ஏறி இறங்கும் அமில அளவு, பிஎச்சில் மேலேயும் கீழேயும் தட்டையாகி நடுவில் செங்குத்தாக விழும். அதைப் பார்த்து "வால்வு சிக்குகிறது" என்று வால்வைக் கழற்றியவர்கள் உண்டு. பிஎச் பதிவை மேலே உள்ள அட்டவணை வழியாக மில்லியாக மாற்றி வரைந்து பாருங்கள். அலை போல வந்தால் கெயின். ரம்பப்பல் போல வந்தால் பம்ப் அல்லது வால்வு.

கெயின் என்று தெரிந்தபின், எந்த இடத்துக் கெயின் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பிஎச் என்றால் 7-இல்தான் செங்குத்து என்று பாடத்தில் படித்த படம் மனத்தில் நிற்கிறது. எனவே 7.2-க்கு அரைப் புள்ளி இருபுறமும் கெயினைக் குறைத்து, வெளியே கூட்டி வைப்பார்கள். உள்ளே 9, வெளியே 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். பைகார்பனேட் கலந்த நீரில் 7.2-ஐ பைகார்பனேட் தாங்கிப் பிடிக்கிறது. செங்குத்துச் சரிவு 8.3-இல் இருக்கிறது. அதாவது அட்டவணை கெயினைக் கூட்டும் இடத்தில்தான் தொட்டி மிகக் கூர்மையாக இருக்கிறது.

கணக்குப் பார்ப்போம். கட்டுப்படுத்தியின் கெயினையும் தொட்டியின் கெயினையும் பெருக்கினால் வரும் எண், 1.57 × 30 ÷ 2, அதாவது சுமார் 24-ஐத் தொட்டால் கட்டுப்பாட்டுச் சுற்று ஓயாமல் ஆடும். இன்டெக்ரல் சேர்ந்தால் இன்னும் சற்று முன்பே. நமக்குத் தேவை நான்கு அளவிலான அமைதியான பெருக்கம். 7.2-இல் 9 × 0.4, மிகப் பொருத்தம். 8.3-இல் 20 × 2.1 என்றால் 42. எனவே பிஎச் 7.7-ஐத் தாண்டி மேலே போகும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் புதிதாக உதைக்கப்படுகிறது. அட்டவணையின் பள்ளத்தை இலக்கின் மேல் வைக்காமல், வளைகோட்டின் செங்குத்தின் மேல் வையுங்கள்: 8.3-இல் 1.8, 7.2-இல் 9, 10.3-இல் 29.

அறிகுறி 2: ஒரு குறிப்பிட்ட பிஎச்சைக் கடக்கும்போதெல்லாம் பம்ப் துள்ளுகிறது

துள்ளும் இடம் எப்போதும் ஒரே எண்தான் என்றால், அது அட்டவணையின் எல்லை. பிஎச் 9-க்கு மேல் 29, கீழே 1.8 என்று இரண்டு படியாக வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். 9-இல் இலக்கிலிருந்து விலகல் 1.8. கடப்பதற்குச் சற்று முன் விகித உறுப்பு 29 × 1.8, ஏறத்தாழ 52 சதவீதம். கடந்த மறுகணம் 1.8 × 1.8, ஏறத்தாழ 3 சதவீதம். ஒரே சுழற்சியில் பம்ப் 49 சதவீதம் விழுகிறது. அமிலம் குறைந்ததும் பிஎச் மீண்டும் 9-ஐ ஏறிக் கடக்கிறது, பம்ப் மீண்டும் எகிறுகிறது. எட்டு நிமிட அளவில் ஒரு முறை டோசிங் பம்ப் உறுமி அடங்குவதை அறைக்கு வெளியே நின்றே கேட்கலாம்.

எல்லையில் இரண்டு எண்களுக்கு நடுவே நேர்கோட்டில் இடைமதிப்பு எடுத்தால் போதும் என்பார்கள். துள்ளல் சரிவாக மாறும், அவ்வளவுதான். 49 சதவீதம் விழுவது விழுந்தே தீரும். பிஎல்சியில் கட்டுப்படுத்தியின் வாய்பாடு, வெளியீட்டை ஒவ்வொரு முறையும் முழுதாகக் கணக்கிடும் வகையா, முந்தைய வெளியீட்டோடு மாற்றத்தை மட்டும் கூட்டும் வகையா என்று பாருங்கள். கூட்டும் வகையில் கெயின் மாறினாலும் வெளியீடு துள்ளாது, ஏனென்றால் புதிய கெயின் இனிமேல் வரும் மாற்றத்தை மட்டும் பெருக்குகிறது. முழுதாகக் கணக்கிடும் வகையை விடமுடியாவிட்டால், இன்டெக்ரலை வெளியீட்டின் சதவீதத்தில் சேமித்து, கெயின் மாறும் கணத்தில் விகித உறுப்பு இழந்ததை இன்டெக்ரலில் ஏற்றிவிட வேண்டும்.

அறிகுறி 3: நிறுத்திவிட்டுத் தொடங்கினால் நெடுநேரம் அசையாமல் இருந்து, பிறகு ஒரேயடியாக அமிலத்துக்குள் விழுகிறது

இரவு நிறுத்தியிருந்த தொட்டி காலையில் 11.5-இல் நிற்கிறது. சுற்றைத் தானியங்கிக்கு மாற்றுகிறார்கள். பம்ப் 100-க்குப் போய் அங்கேயே நிற்கிறது. 11.5-லிருந்து 9.3-க்கு வர 11 நிமிடம். அதன்பின் 9.3-லிருந்து 7.2-க்கு ஒன்றேகால் நிமிடம். ஓட்டுபவர் அமில வாளியைச் சரிபார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் தொட்டி 6-க்குக் கீழே.

அட்டவணையில் எண்கள் சரியாகவே இருக்கலாம். 11.5-இல் தொட்டியின் கெயின் 0.03, அமைதியான பெருக்கத்துக்குக் கட்டுப்படுத்தியின் கெயின் 134 வரை வரும். அந்த இடத்தில் சின்ன விலகலைச் சரிசெய்ய அது சரியான எண். ஆனால் அங்கிருந்து இலக்கு 4.3 தூரம். 134 × 4.3 என்றால் 576 சதவீதம். உண்மையில் 11.5-லிருந்து 7.2-க்கு வரத் தேவையானது 5.3 மில்லி, அதாவது பம்பில் 25 சதவீதம் கூடுதல். அமைதியான பெருக்கத்தோடு கேட்டாலும் 95 சதவீதம்தான் கேட்க வேண்டும். நின்ற இடத்தின் சரிவை வைத்து நெடுந்தூரத்தை அளந்ததன் விளைவு இது. கரடுமுரடான மலையில் காலடியில் உள்ள சரிவை மட்டும் பார்த்து அடிவாரம் எவ்வளவு தூரம் என்று சொல்வது போல. இதற்கு மேல் இன்டெக்ரலும் அதே 134-ஐப் பெருக்கி நிமிடத்துக்கு 19 சதவீதம் வீதம் குவிகிறது. பம்ப் 100-இல் முட்டி நிற்கும்போதும் குவிப்பு நிற்காவிட்டால், விழுந்தபின் எழுந்திருக்க வழியில்லை.

முதலில் அந்தக் குவிப்பை நிறுத்தும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். பிறகு அட்டவணையின் வேலையையே மாற்றுங்கள். கெயினுக்கு அட்டவணை போடுவதற்குப் பதில், பிஎச்சை மில்லியாக மாற்ற அதே அட்டவணையைப் பயன்படுத்துங்கள். இலக்கையும் அளவையும் மாற்றிவிட்டால் விலகல் அமில அளவில் வரும். ஒரே கெயின் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

```
x  = interp(pH,  PH_TAB, ML_TAB)
xs = interp(7.2, PH_TAB, ML_TAB)
e  = xs - x
u  = u + K*((e - e_old) + e*dt/Ti)
u  = min(max(u, 0), 100)
e_old = e
```

நம் தொட்டிக்கு `K` 18 வரை போகலாம், ஒரு மில்லிக்கு 18 சதவீதம். 9-இல் தொடங்குவது என் வழக்கம். `Ti` 30 நிமிடம். கூட்டும் வகை என்பதால் அறிகுறி 2-உம் இதோடு போய்விடுகிறது. இதில் ஒரு தொல்லை உண்டு: 11.5 பக்கம் பிஎச் மீட்டரின் சின்ன நடுக்கம் பெரிதாகத் தெரியும், 0.02 நடுக்கம் பம்பில் ஒன்றிரண்டு சதவீதமாக வரும். அங்கே அது யாரையும் உறுத்தாது.

அட்டவணையைத் தொடும் முன்: அதன் தலையில் விழும் இரண்டு பழிகள்

எல்லா பிஎச்சிலும் ஒரே மாதிரி ஆடினால், அல்லது கெயினைப் பாதியாக்கியும் கால அளவு நீண்டுகொண்டே போனால், தாமதம் கூடியிருக்கிறது. மின்முனையை எடுத்து 7 தாங்கல் கரைசலில் வைத்து, பின் 4-க்கு மாற்றி நேரம் பாருங்கள். நல்ல மின்முனை அரை நிமிடத்துக்குள் நிலைக்கும். சாயமும் சுண்ணப் படிவும் பூசியது மூன்று நான்கு நிமிடம் இழுக்கும். தாமதம் இரட்டிப்பானால் ஆடத் தொடங்கும் எல்லை 24-லிருந்து 12-க்கு இறங்கிவிடும். நேற்றுவரை தாங்கிய அட்டவணை இன்று தாங்காது.

மற்றொன்று அமிலக் குழாய். நீருக்குள் 2 மீட்டர் இறங்கும் 25 மில்லிமீட்டர் குழாய் என்றால் உள்ளே ஒரு லிட்டர் கொள்ளும். பம்ப் சிறிது நேரம் நின்றால் கனமான அமிலம் கீழே வழிந்து, தொட்டி நீர் மேலே ஏறிவிடும். நிமிடத்துக்கு 0.3 லிட்டர் வீதம் பம்ப் மறுபடி ஓடினால், முதல் மூன்று நிமிடத்துக்குக் குழாயில் இருந்த தண்ணீரைத்தான் தள்ளுகிறது. பம்ப் பூஜ்யத்தைத் தொட்ட பிறகு மட்டும் ஆட்டம் வருகிறது என்றால் இதுவே காரணம். குழாயின் உள்விட்டத்தைக் குறையுங்கள், முனையில் திரும்பாத் தடுப்பு வையுங்கள்.

அறிகுறி 4: நேற்று வரை நன்றாக ஓடியது

மிகச் சிரமமானது இது, ஏனென்றால் யாரும் எதையும் மாற்றவில்லை என்றே சொல்வார்கள். நான் பார்த்த ஒரு நிலையத்தில், மேலே சொன்ன நீர்தான், சுற்று ஒன்றரை மாதம் அமைதியாக ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை 6-க்கும் 9-க்கும் இடையே ஆடத் தொடங்கியது. அங்கிருந்த இளைஞர், "சார், அட்டவணையில் ஒரு எண்கூட மாறவில்லை, அச்செடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்" என்றார். மாறவில்லைதான்.

பியூரெட்டைக் கழுவி, அன்றைய நீரில் 100 மில்லி எடுத்துச் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டோம். 10 மில்லி வரை எதிர்பார்த்தபடி இறங்கியது. அதன்பின் நான்கே சொட்டில் 9-லிருந்து 5-க்கு விழுந்தது. பைகார்பனேட் ஏறக்குறைய காணவில்லை. பட்டறைக்குள் விசாரித்தபோதுதான் தெரிந்தது: ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டுவிட்டு, தலைகீழ்ச் சவ்வூடுபரவல் நிலையத்தில் மீட்ட நீருக்கு மாறியிருந்தார்கள். அந்த நீரில் உப்பும் இல்லை, பைகார்பனேட்டும் இல்லை. வரும் பிஎச் முன்போலவே 12-ஐ ஒட்டி இருந்தது. பம்பும் சராசரியாக முன்போலவே பாதியில் நின்றது. வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது 9-க்குக் கீழேதான். பைகார்பனேட் பத்தில் ஒன்றானால் 7.2-இல் தொட்டியின் கெயின் பத்து மடங்கு, அதாவது பம்பின் 1 சதவீதத்துக்கு நான்கு புள்ளி என்ற அளவு.

எதிர்த்திசையிலும் இதே மாற்றம் வரும். வெளுக்கும் நீர் முடிந்து, சலவைச் சோடா சேர்த்த சாய நீர் வரத் தொடங்கினால் கார்பனேட் 10 மில்லிமோல் இருக்கலாம். அப்போது 7.2-இல் கெயின் 0.08 மட்டும், ஐந்தில் ஒன்று. சுற்று ஆடாது, இலக்குக்கு வர மணிக்கணக்கில் தவழும். தவழ்வதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆடுவதைப் பொறுக்க முடியாது. ஒரே அட்டவணைதான் வைக்க முடியும் என்றால், வரக்கூடியதிலேயே தாங்கல் குறைந்த நீரை வைத்துப் போடுங்கள்.

இரண்டு அட்டவணை வைக்கலாம் என்றால், எதைப் பார்த்து மாற்றுவது? பிஎச் உதவாது: சோடா நீரும் காஸ்டிக் நீரும் 11-இல் ஒன்றுபோலவே இருக்கும். மின்கடத்துதிறனை வைத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் கிளம்பினார். சாயத்தொட்டியில் உப்பு லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் போடுகிறார்கள், அதில் கார்பனேட்டின் பங்கு எங்கே தெரியப் போகிறது? நான் நம்புவது இரண்டு வழிகளை. ஒன்று, வெளுப்பு நீர் வருகிறதா சாய நீர் வருகிறதா என்று அந்தந்த வடிகால் வால்விலிருந்தே பிஎல்சிக்குச் சமிக்ஞை எடுப்பது. மாறிய நீர் தொட்டியை நிரப்ப அரை மணியாவது ஆகும் என்பதால் அட்டவணையையும் அதே அரை மணியில் மெல்ல மாற்றுவது. மற்றது, ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் ஒரு தரம் பார்த்தல்: 8.3-லிருந்து 6.5-க்கு எத்தனை மில்லி ஆகிறது என்ற ஒரே எண். நம் முதல் நீரில் அது 0.8 மில்லி. அந்த எண் பாதியானால் `K`-ஐத் தொடாமல் அட்டவணையின் 8.3-க்குக் கீழான மில்லி இடைவெளிகளைப் பாதியாக்குங்கள், இரட்டித்தால் இரட்டியுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை நீருக்கு இதுவும் போதவில்லை. பம்பு 1 சதவீதத்துக்குக் குறைந்த அடியை நம்பகமாக எடுக்காது. 1 சதவீதம் நான்கு புள்ளி என்றால் எந்த அட்டவணையாலும் 6.5-க்கும் 8.5-க்கும் இடையே நிறுத்த முடியாது. பெரிய பம்பை 45 சதவீதத்தில் நிலையாக வைத்து, அதில் இருபதில் ஒரு பங்கு அளவுள்ள சிறு பம்பைச் சுற்றில் இணைத்தோம். பெரிய பம்பின் எண்ணை ஓட்டுபவர் ஷிஃப்டுக்கு ஒருமுறை கையால் திருத்துகிறார், சிறு பம்ப் எப்போதும் நடுப்பகுதியில் ஓடும்படி. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஐந்தில் ஒரு பங்கையாவது கலந்துகொள்ளுங்கள், பைகார்பனேட் இலவசமாக வரும் என்று நான் சொன்னதை மட்டும் பட்டறைக்காரர்கள் கேட்கவில்லை. சாயம் பிடிப்பதில் நிறம் மாறுமாம்.